விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலையில் இன்பாக்ஸ் பார்ப்பது என்றால் என்ன?

"சிறு தொழில் செய்பவருக்கு வீட்டிலிருந்தே விர்ச்சுவல் அசிஸ்டென்டாகச் சேரப் போகிறேன். இன்பாக்ஸ் பார்ப்பது என்றால் எல்லா மெயிலுக்கும் நானே பதில் போட வேண்டுமா?"

வேண்டாம். எதற்கு நீங்கள் பதில் போடலாம், எதை முதலாளியிடம் தள்ள வேண்டும் என்று பிரிப்பதுதான் முக்கால்வாசி வேலை. கடைக்காரர் வெளியே போகும்போது கல்லாவில் ஓர் ஆளை உட்கார வைப்பார் இல்லையா? அவர் சரக்கு விற்கலாம், சில்லறை தரலாம். கடன் தர முடியாது. உங்களுக்கும் அப்படி ஓர் எல்லைக்கோடு வேண்டும், அதை முதலாளியிடம் முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

வீட்டில் சோப்பு செய்து ஆன்லைனில் விற்பவரை எடுத்துக்கொள்வோம். "பார்சல் எங்கே?" என்ற மெயிலுக்கு டிராக்கிங் எண்ணைப் பார்த்து நீங்களே பதில் தரலாம். உடைந்து வந்த சோப்புக்கு, 300 ரூபாய் வரை என்றால் கேட்காமல் பணத்தைத் திருப்பலாம் என்று பேசிக்கொள்ளலாம். மொத்த ஆர்டருக்கு விலை கேட்டால் பதிலை டிராஃப்டாக வைத்து, 'முதலாளி பார்க்க' என்ற லேபிள் ஒட்டுங்கள். தோலில் அரிப்பு என்று புகார் வந்தால் டிராஃப்ட்கூட வேண்டாம், உடனே போன்.

இந்தக் கோடு இல்லாவிட்டால் வேலை மெல்ல வழியும். முதலில் இன்ஸ்டாகிராம் போஸ்ட் போடச் சொல்வார்கள், அப்புறம் முதலாளி மகனின் ரயில் டிக்கெட்! புதிய வேலை வந்தால், "இதற்கு ஒரு மணி நேரம் ஆகும், இன்றைய பில் வேலையைத் தள்ளி வைக்கலாமா?" என்று கேளுங்கள்.

பாஸ்வேர்டு வாங்கினால்தான் இதெல்லாம் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிமெயிலில் முதலாளி கம்ப்யூட்டரில் செட்டிங்ஸுக்குப் போய் Grant access to your account பகுதியில் உங்களைச் சேர்த்து, உங்களுக்கு வரும் அழைப்பு மெயிலை நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும், நீங்கள் மெயில் படிக்கலாம், அனுப்பலாம், ஆனால் பாஸ்வேர்டை மாற்ற முடியாது.