சிதறிக் கிடக்கும் பொருளாதார நோட்ஸை ஒரே ஒப்பீட்டு அட்டவணையாக்குவது எப்படி?

கேள்வி: பொருளாதார முறைகள் ஒப்பீடு தாளுக்காக சோவியத், யூகோஸ்லாவியா, மேற்கு ஜெர்மனி, இந்தியா, சீனா என்று செமஸ்டர் முழுக்க எடுத்த நோட்ஸ் மூன்று நோட்டுகளில் கலந்து கிடக்கிறது. முதலாளித்துவம், சோசலிசம், கலப்பு என்று மூன்று கட்டம் போட்டுப் பார்த்தேன், யூகோஸ்லாவியா எதிலுமே உட்கார மாட்டேன் என்கிறது. அட்டவணையை எப்படிப் போடுவது?

பதில்:

முதலில் அந்த மூன்று கட்டத்தை அழித்துவிடுங்கள், சிக்கல் அங்கேதான். சோசலிசம் என்ற ஒரே தலைப்புக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆலை யாருடையது என்பது ஒன்று, அதில் எதை எவ்வளவு செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது இன்னொன்று. சோவியத்தில் இரண்டுக்குமே விடை அரசு என்பதால் இவை தனித்தனிக் கேள்விகள் என்பதே அங்கே கண்ணில் படாது. யூகோஸ்லாவியாவுக்கு வந்தவுடன் இரண்டும் பிரிந்துவிடும். ஆலை தனியாருடையது இல்லை, ஆனால் எவ்வளவு செய்வது என்பதை மேலிருந்து வரும் திட்டம் சொல்வதும் இல்லை, நிறுவனமே சந்தையைப் பார்த்து முடிவு செய்தது.

அதனால் மேலே நாடு, பக்கத்தில் கேள்வி. முறைகளின் பெயர்களை அட்டவணைக்குள்ளேயே விட வேண்டாம்.

ஆனால் உடனே கட்டம் போட உட்காராதீர்கள். அதற்கு முன் நோட்ஸை ஒரு நீளப் பட்டியலாக்க வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட்டில் நாடு, காலம், கேள்வி, குறிப்பு என்று நாலே பத்தி போதும். வகுப்பில் அவசரமாக எழுதிய ஒரு வரியில் நாலைந்து விஷயம் இருக்கும், அதை உடைத்து ஒன்றுக்கு ஒரு வரி கொடுங்கள். உங்கள் நோட்டிலும் இப்படி ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன்: "யூகோ – 1950 சட்டம், தொ. குழு, சந்தை, வருமானப் பங்கீடு, வேலையின்மை, ஜெர்மனி போனார்கள்". இதில் 1950 சட்டம் என்பது காலம் பத்திக்குப் போகும். தொழிலாளர் குழு என்பது "நிறுவனத்தை நடத்துவது யார்" என்பதற்கு விடை. சந்தை என்பது "எவ்வளவு செய்வது என்று யார் முடிவு செய்கிறார்கள்" என்பதற்கு. வருமானத்தில் எவ்வளவைச் சம்பளமாக எடுப்பது, எவ்வளவை ஆலையிலேயே திரும்பப் போடுவது என்று குழு முடிவெடுத்ததே, அது "மிச்சப் பணம் யாருக்கு" என்ற கேள்விக்கு. கடைசி இரண்டும் வேறு ரகம். வேலையின்மை, 1968 ஒப்பந்தத்துக்குப் பிறகு மேற்கு ஜெர்மனிக்கு ஆட்கள் போனது, இவை அந்த முறை எப்படி இயங்கியது என்பதைச் சொல்லவில்லை, இயங்கி என்ன ஆனது என்பதைச் சொல்கின்றன. விளைவுகளை எல்லாம் அட்டவணையின் அடியில் தனியாக ஒதுக்குங்கள், இயக்கத்தோடு கலந்தால் ஒப்பீடு குழம்பிவிடும்.

எல்லா வரிகளையும் இப்படி உடைத்த பிறகு கேள்வி பத்தியை வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள். மூன்று நாடுகளுக்காவது விடை வந்திருக்கும் கேள்வி அட்டவணையில் ஒரு வரிசையாகத் தேறும். ஒரே ஒரு நாட்டுக்குத்தான் விடை இருக்கிறது என்றால், மற்ற நாடுகளுக்கும் அதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அங்கே கேட்கவே பொருளில்லை என்றால் அதை அடிக்குறிப்பாக்கிவிடலாம்.

ஒரே சொல் இரண்டு நாட்டு நோட்ஸிலும் வரும்போது கவனமாக இருக்க வேண்டும். மேற்கு ஜெர்மனி பக்கத்திலும் "தொழிலாளர் பங்கேற்பு" என்று எழுதியிருப்பீர்கள். 1976 சட்டப்படி 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. பார்த்தால் யூகோஸ்லாவியா மாதிரியே தெரியும். "மிச்சப் பணம் யாருக்கு" வரிசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஜெர்மனியில் லாபம் பங்குதாரருக்குத்தான், ஓட்டு சரிசமமாகப் பிரிந்தால் இரண்டாவது ஓட்டும் குழுத் தலைவருக்கு, அந்தத் தலைவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு ஆள். யூகோஸ்லாவியாவில் பங்குதாரர் என்று ஒருவரே கிடையாது.

பாடத்தில் பெரும்பாலும் தலைப்பாக வராத ஒரு வரிசையை நீங்களாகச் சேர்க்கச் சொல்வேன்: நஷ்டம் வந்தால் என்ன ஆகும்? ஹங்கேரியப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் சொன்ன 'சாஃப்ட் பட்ஜெட்' கருத்து இதுதான். நஷ்டப்பட்டாலும் யாராவது காப்பாற்றிவிடுவார்கள் என்று ஆலைக்குத் தெரிந்தால் அதன் நடத்தையே மாறிவிடும், செலவைப் பற்றிய கவலை போய்விடும், மூலப்பொருளை எவ்வளவு கிடைத்தாலும் வாங்கி அடுக்கும், அதனாலேயே எங்கும் தட்டுப்பாடு வரும். எனக்கு இந்த வரிசைதான் மொத்த அட்டவணையிலும் பிடித்தது, ஏனென்றால் இந்தியா எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்:

| | சோவியத் (1960–85) | யூகோஸ்லாவியா (1965–75) | மேற்கு ஜெர்மனி (1950–89) | இந்தியா (1956–91) |
|---|---|---|---|---|
| ஆலை யாருடையது | அரசு | சமூக உடைமை | பெரும்பாலும் தனியார் | அரசும் தனியாரும் |
| அளவை முடிவு செய்வது | திட்டக் குழு, அமைச்சகம் | நிறுவனம் | நிறுவனம் | நிறுவனம், ஆனால் லைசென்ஸ் வரம்புக்குள் |
| நஷ்டம் வந்தால் | அமைச்சகம் ஈடுகட்டும் | பெரும்பாலும் வங்கியும் உள்ளூர் நிர்வாகமும் தாங்கும் | பெரும்பாலும் திவால் | பெரிய ஆலை என்றால் பெரும்பாலும் அரசு தாங்கும் |

1974 சட்டத்தின் கீழ் நலிவடைந்த பஞ்சாலைகளை அரசு எடுத்து தேசிய பஞ்சாலைக் கழகத்திடம் கொடுத்தது நினைவிருக்கும், கோவையிலும் அப்படிப் போன மில்கள் உண்டு. உடைமை வரிசையில் ஜெர்மனிக்குப் பாதி தூரத்தில் நிற்கும் இந்தியா, நஷ்ட வரிசையில் சோவியத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 'கலப்பு' என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. அளவு வரிசையையும் பாருங்கள். யூகோஸ்லாவியாவில் தனியார் உடைமை இல்லாமல் சந்தை, இங்கே தனியார் உடைமை இருந்தும் ஆலையைப் பெரிதாக்க லைசென்ஸ். தேர்வில் ஒப்பிடு என்று கேட்டால் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு கட்டாயம் போடுங்கள். ஆண்டு இல்லாத "இந்தியா" என்ற தலைப்பின் கீழ் லைசென்ஸ் முறையும் 1991க்குப் பிந்தைய மாற்றங்களும் ஒரே கட்டத்தில் விழுந்து ஒன்றையொன்று மறுக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு குறிப்புகள் முரண்பட்டால், இரண்டில் எது தப்பு என்று தேடுவதற்கு முன் அவை எந்தெந்த ஆண்டைப் பற்றியவை என்று பாருங்கள். பெரும்பாலும் பத்தியை இரண்டாக்கினால் தீர்ந்துவிடும்.

சீனாவில் மட்டும் அது உதவாது. 1980களின் நடுவில் அங்கே ஒரே பொருளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு விலை. உதாரணமாக எஃகு: திட்டத்தில் சொன்ன அளவுக்கு அரசு விலை, அதற்கு மேல் செய்ததைச் சந்தை விலைக்கு விற்கலாம். விலை என்ற வரிசையில் சீனாவின் கட்டத்தை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு விடையையும் எழுதி, எது எந்த அளவுவரை என்பதையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம் இந்த இரண்டு விலைக்கும் நடுவே வாங்கி விற்றுக் காசு பார்த்த அதிகாரிகளைப் பற்றி நோட்ஸில் ஏதாவது இருந்தால் அது அடியில், விளைவுகளோடு.