கையைப் பிடித்துத் தூக்கியபின் குழந்தை கையை அசைக்கவில்லை

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. நேற்று மாலை படி ஏறும்போது மாமியார் இடது கையைப் பிடித்துத் தூக்கினார். வீறிட்டு அழுதாள். அழுகை நின்றும் அந்தக் கையைத் தொங்கவிட்டபடியே இருக்கிறாள். வீக்கம் இல்லை. சுளுக்கு எடுப்பவரிடம் போகலாமா?

பதில்: வேண்டாம். இன்றே குழந்தை மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ காட்டுங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது முழங்கை நழுவல். முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள எலும்பின் தலையை ஒரு தசைநார் வளையமாகச் சுற்றிப் பிடித்திருக்கும். சின்ன வயதில் அது தளர்வாக இருப்பதால், நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்தால் நழுவி மூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள்தான் இது அதிகம்.

ஒரு பிஸ்கட்டை நீட்டிப் பாருங்கள். அந்தக் கை லேசாக மடங்கி, உள்ளங்கை கீழ்நோக்கி உடம்போடு ஒட்டியே இருக்கும். மறு கையால் வாங்குவாள். எங்கே வலி என்று கேட்டால் பல குழந்தைகள் மணிக்கட்டைக் காட்டும். வீட்டிலும் அங்கேயே எண்ணெய் போட்டு நீவுவார்கள். பலன் இருக்காது.

மருத்துவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முன்கையைத் திருப்புவார். சில விநாடி வேலை. 'டக்' என்று விரலுக்குத் தெரியும்; ஒரு அழுகை, அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் பொம்மையை எடுப்பாள். இழுத்ததால்தான் வந்தது என்று தெளிவாக இருந்தால் எக்ஸ்ரே தேவையில்லை. ஆனாலும் பல இடங்களில் குழந்தையைத் தொட்டுப் பார்க்கும் முன்பே எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிவிடுகிறார்கள். படம் எடுக்க உள்ளங்கையைத் திருப்பும்போதே சில குழந்தைகளுக்கு மூட்டு சரியாகிவிடுகிறது. எக்ஸ்ரே காசு மட்டும் போகும்.

குழந்தை விழுந்திருந்தால் கதையே வேறு. விழுந்ததை நேரில் யாரும் பார்க்காவிட்டாலும், முழங்கை வீங்கியிருந்தால், கன்றியிருந்தால், வளைந்திருந்தால் எலும்பு முறிவு என்றே எண்ணி உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். அந்தக் கையை யாரும் திருப்பவே கூடாது. சுளுக்கு எடுப்பவரிடம் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான். நழுவலையும் முறிவையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியாது. மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினால், உள்ளே வீக்கம் ஏறி ரத்த ஓட்டம் நிற்கும். விரல் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போய் வருகிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். சில மணி நேரம் தாமதித்தாலே கை பாழாகிவிடும்.

சரி செய்த பிறகும் அரை மணி நேரத்தில் கையை உபயோகிக்காவிட்டால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருமுறை நழுவிய கை மறுபடி நழுவலாம். ஐந்து வயது தாண்டும்வரை இரு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். சட்டை மாட்டும்போதும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.