அம்மா பெயரில் உள்ள வீட்டை வைத்துக் கடனா, பர்சனல் லோனா?

கேள்வி: தங்கைக்கு மூன்று மாதத்தில் கல்யாணம். 12 லட்சம் குறைகிறது. அம்மா பெயரில் இருக்கும் வீட்டை வைத்தால் 10% வட்டிக்கு 15 வருஷக் கடன் தருகிறார்கள். பர்சனல் லோன் என்றால் 13%, 5 வருஷம். என் சம்பளம் 62,000. எதை வாங்கலாம்?

2021 டிசம்பரில் நானும் இதே இடத்தில்தான் நின்றேன். எனக்கும் தங்கை கல்யாணம், எனக்கும் அம்மா பெயரில் வீடு. 10 லட்சம் வாங்கினேன். வீட்டை வைத்துத்தான் வாங்கினேன், 2025-இல் மீதியை மொத்தமாகக் கட்டி அடைத்து முடித்தேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் கணக்கு. உங்கள் முன்னால் இருக்கும் இரண்டு கடனும் வெவ்வேறு காலத்துக்கானவை. அதனால் 10%, 13% என்ற இரண்டு எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். 12 லட்சத்துக்கு 10% வட்டியில் 15 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 12,900. கேட்க இதமாக இருக்கும். ஆனால் 15 வருஷமும் அப்படியே கட்டினால் வட்டி மட்டும் 11 லட்சத்து 21 ஆயிரம் போகும். பர்சனல் லோனுக்குத் தவணை 27,300, மொத்த வட்டி 4 லட்சத்து 38 ஆயிரம். வட்டி விகிதம் குறைந்த கடன்தான் இரண்டரை மடங்கு வட்டி வாங்குகிறது. வீட்டை வைத்து வாங்கும் அடமானக் கடனை 7 வருஷத்துக்குச் சுருக்கினால்கூட வட்டி 4.73 லட்சம் ஆகும், 5 வருஷப் பர்சனல் லோனைவிட அதிகம்.

சரி, இரண்டையும் 5 வருஷம் என்று வைத்துப் பாருங்கள். அடமானக் கடனுக்குத் தவணை 25,500, வட்டி 3 லட்சத்து 30 ஆயிரம். இதோடு கையை விட்டுப் போகும் சில்லறைச் செலவுகளையும் சேர்க்க வேண்டும். அடமானக் கடனுக்குச் செயலாக்கக் கட்டணம் 1% என்றால் ஜிஎஸ்டியோடு 14,160. வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டாளருக்கும் சேர்த்து 10,000 என்று வையுங்கள். பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வார்கள், எம்ஓடி என்று சொல்வது அதைத்தான். தமிழ்நாட்டில் அதற்கு முத்திரைத்தீர்வை கடன் தொகையில் 0.5%, பதிவுக் கட்டணம் 1%, ஆனால் 6,000-த்துக்கு மேல் போகாது. உங்களுக்கு ஆறும் ஆறும் பன்னிரண்டாயிரம். ஆக மொத்தம் 36,000. பர்சனல் லோனுக்கு 1.5% கட்டணம் என்றால் ஜிஎஸ்டி சேர்த்து 21,000. எல்லாம் கழித்துக் கூட்டினால், ஐந்து வருஷத்தில் அடமானக் கடன் உங்களுக்கு மிச்சப்படுத்துவது ஏறக்குறைய 93,000 ரூபாய். மாதத்துக்கு 1,550.

இந்த 1,550 ரூபாய்க்காக என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அம்மா வீட்டின் பத்திரத்தைக் கொடுக்கிறீர்கள். தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பும். அதற்குள் தீராவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடும் வழி வங்கிக்கு உண்டு. அதற்காக வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கத் தேவையில்லை. அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு 45 நாளுக்குள் ஓட வேண்டியது நாம்தான்.

பர்சனல் லோனில் ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிபில் கெடும், வசூல் ஆட்கள் அலுவலகத்துக்குப் போன் செய்வார்கள், கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் அதற்குத் தனியாகக் குற்ற வழக்கும் போட முடியும். சிவில் வழக்கில் வென்றால் சம்பளத்தின் ஒரு பகுதியை, உங்கள் பெயரில் இருக்கும் சொத்தைப் பற்றுகை செய்யலாம். ஆனால் இதெல்லாம் உங்கள் மேல்தான் விழும். அம்மா அதில் கையெழுத்துப் போடாதவரை அவருடைய வீட்டைத் தொட முடியாது. இந்த வித்தியாசம் எனக்குப் பெரியது.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் ஏன் வீட்டை வைத்தேன்? தவணைக்காக. பர்சனல் லோனுக்கு எனக்கு 14% சொன்னார்கள், 10 லட்சத்துக்கு மாதம் 23,000 கட்ட வேண்டும். வீட்டை வைத்தபோது 9.5%, பத்து வருஷம், தவணை 12,940. ஆனால் முதல் மாதத்தில் இருந்தே நானாக 20,000 வரை கட்டினேன். 2023-இல் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தார்கள். நான்கு மாதம் சம்பளம் இல்லை. அந்த நான்கு மாதமும் கூடுதல் தொகையை நிறுத்திவிட்டு, கட்டாயத் தவணையை மட்டும் சேமிப்பில் இருந்து கட்டினேன். 23,000 கட்ட வேண்டி இருந்திருந்தால் மூன்றாவது மாதமே தவறியிருக்கும். அதே சமயம், அந்த நான்கு மாதமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அம்மா காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு வேலை போனது அவருக்குத் தெரியும், தவணை எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியாது.

அதனால் அடமானக் கடனை நீண்ட காலத்துக்கு எழுதி வாங்கி, குறுகிய காலக் கடன் போலக் கட்டுவதுதான் அதைப் பயன்படுத்தும் சரியான முறை என்று நினைக்கிறேன். உங்கள் கணக்கில் 15 வருஷக் கடன், கட்டாயம் 12,900, நீங்கள் கட்டுவது 25,500. அப்படிக் கட்டினால் அது ஐந்தே வருஷத்தில் முடியும். சிக்கல் வந்தால் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் இடம் இருக்கிறது. கூடுதல் தொகை அசலில் கழிகிறதா என்று ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மெண்டில் பாருங்கள். எனக்கு முதல் இரண்டு மாதம் அதை அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்திருந்தார்கள். எழுதிக் கொடுத்த பிறகுதான் அசலில் கழித்தார்கள்.

இது நடக்க இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் மாறும் வட்டியில் இருக்க வேண்டும். காரணம் என்ற இடத்தில் குடும்பச் செலவு என்று இருக்க வேண்டும். தொழில் அல்லாத காரணத்துக்குத் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சில இடங்களில் அவர்களாகவே தொழில் கடன் என்று படிவத்தை நிரப்பிவிடுவார்கள், கையெழுத்துக்கு முன் பாருங்கள். பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. அதை முன்கூட்டி முடிக்கக் கட்டணம் கேட்பார்கள், முதல் சில மாதங்கள் முடிக்கவே விடாத நிறுவனங்களும் உண்டு. மொய்ப் பணத்தையோ எடுக்கப் போகும் சீட்டுப் பணத்தையோ கடனில் போடும் எண்ணம் இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

மாறும் வட்டிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரிக்குள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதம் 4%-இல் இருந்து 6.5% ஆனது. என் வட்டியும் கூடவே 12% வரை ஏறியது. தவணை மாறவில்லை, அதனால் எனக்கு உடனே உறைக்கவில்லை. கடனின் காலம்தான் சத்தமில்லாமல் நீண்டது. கட்டாயத் தவணை மட்டும் கட்டியிருந்தால் இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கூடியிருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 62,000 சம்பளத்தில் 27,300 என்பது நூற்றுக்கு 44. வீட்டில் வேறு யாரும் சம்பாதிக்கவில்லை என்றால் 12 லட்சத்துக்கு பர்சனல் லோன் வாங்காதீர்கள், ஒரு மாத ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலே ஆட்டம் கண்டுவிடும். செலவைக் குறைத்து 7 லட்சத்தில் முடிக்க முடியுமானால் பர்சனல் லோனே போதும். தவணை 16,000-க்குள் வரும், வீடும் சுதந்திரமாக இருக்கும், நான் அதைத்தான் செய்வேன். 12 லட்சம்தான் வேண்டும் என்றால் வீட்டை வையுங்கள். ஆனால் கடன் பணம் வந்த அன்றே ஆறு தவணை, அதாவது 77,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மீதியில் கல்யாணத்தை நடத்துங்கள். ஆறு மாதத் தவணை கையில் இருந்தால் அந்த 90 நாள் கெடு உங்களை நெருங்காது. அம்மாவிடமும் எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டது தப்பு.

எது வாங்கினாலும் கையெழுத்துக்கு முன் முக்கிய விவர அறிக்கை கேளுங்கள். 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடனுக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதம் ஏபிஆர் என்று அதில் இருக்கும். கேட்காமலே ஒரு காப்பீட்டுப் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். tnreginet.gov.in தளத்தில் வீட்டின் வில்லங்கச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பர்சனல் லோன் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், அடமானக் கடனுக்குப் பத்திரம் சுத்தமாக இருந்தாலே மூன்று நான்கு வாரம் ஆகும். எங்கள் வில்லங்கத்தில் தாத்தா காலத்தில் ஒரு வீடு கட்டும் சங்கத்தில் வாங்கிய கடனுக்கான அடமானம் அப்படியே நின்றது. கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் அடைத்ததற்கான ரசீது ஆவணத்தை யாரும் பதிவு செய்யவில்லை. சங்கத்தில் பழைய லெட்ஜரைத் தேடி, கடிதம் வாங்கி, ரசீதைப் பதிவு செய்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்க அம்மாவின் வளையலை வைக்க வேண்டி வந்தது.

அதனால் 2025-இல் கடனை முடித்தபோது பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வரவில்லை. முழுசாக அடைத்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று விதி இருப்பதால் அது சீக்கிரமே வந்துவிட்டது. வங்கி அதிகாரியோடு சார்பதிவாளர் அலுவலகம் போய் ரசீதைப் பதிவு செய்தோம். அடுத்த வாரம் புதிய வில்லங்கம் எடுத்து, அந்த ரசீதின் எண் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அம்மா பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்தார்.