ராஜினாமாவுக்கு முன்னால் பதினைந்து மாதச் செலவு

கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாயின் கேள்வி வந்திருக்கிறது. மகனுக்கு 27 வயது. மெக்கானிக்கல் படித்துவிட்டு கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை, கைக்கு வருவது மாதம் 42,000. அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து தேயிலை பறிக்கும் மெஷின், கவாத்து மெஷின், பிரஷ் கட்டர், ஸ்பிரேயர் ரிப்பேர் கடை போடப்போகிறேன் என்கிறானாம். படிச்ச பையன் ஸ்பேனர் பிடிச்சா நாளைக்கு யார் பொண்ணு கொடுப்பா என்று சித்தப்பா கேட்கிறார். அவர் சொல்லும் வழி எம்.பி.ஏ. அதற்கு 14 லட்சம். ஒன்றேகால் ஏக்கர் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா என்பதுதான் அம்மாவின் கேள்வி.

வைக்க வேண்டாம் அம்மா. 14 லட்சம் கட்டணம், அதோடு இரண்டு வருடச் சம்பளம் 10 லட்சம், ஆக 24 லட்சத்துக்குப் பக்கம் போகும். படித்து முடித்து அவன் உட்காரப்போகும் நாற்காலி அவன் கேட்காதது. காலேஜ் நாளிலிருந்து அக்கம்பக்கத்துத் தோட்டத்து மெஷின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பறிக்க ஆள் கிடைக்காமல் சிறு விவசாயிகள் மெஷினுக்கு மாறிக்கொண்டிருக்கும் ஊரில் அந்தக் கைத்தொழிலுக்கு வேலை இருக்கும். சித்தப்பாவின் கௌரவத்துக்காகத் தோட்டத்தைப் பணயம் வைப்பது நியாயமே இல்லை.

ஆனால் மகனுக்கும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அடுத்த வாரமே ராஜினாமா கொடுக்கிறேன் என்கிறானே, அது கூடாது. கையிருப்பு 1,10,000 ரூபாய். பைக் தவணை இன்னும் ஆறு மாதம் பாக்கி. இந்த நிலையில் வேலையை விட்டால் கடை ஓடுமா ஓடாதா என்று தெரிவதற்குள் வீட்டுச் செலவு அவனை மறுபடி கோவைக்கு பஸ் ஏற்றிவிடும். மானியம், வங்கிக் கடன் பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் சொல்லாதது, வருமானமே இல்லாமல் வீடு எத்தனை மாதம் ஓடும் என்ற கணக்கு. அதைப் பார்ப்போம்.

வங்கியில் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் போதாது. பைக் இன்ஷூரன்ஸ், ஊர்த் திருவிழா, மொய், மழைக்கு முன் கூரை வேலை எல்லாம் வருடத்துக்கு ஒருமுறைதான் தலைகாட்டும். ஒவ்வொரு செலவையும் பார்த்து, வேலையை விட்டால் இது நின்றுவிடுமா, தொடருமா என்று குறிக்கட்டும். கோவை அறை வாடகையும் மெஸ்ஸும் சேர்ந்த 11,000 நின்றுவிடும். வீட்டுக்குத் தரும் 10,000 தொடரும். போன், பெட்ரோல், கைச்செலவு இப்போது 5,000. ஊருக்கு வந்தால் 4,500 என்று வைப்போம். வருடச் செலவு 30,000-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 2,500. பிறகு, இப்போது ஸ்டேட்மென்டில் இல்லாமல் புதிதாக முளைக்கும் செலவு ஒன்று உண்டு. அப்பாவின் பிரஷர், சுகர் எல்லாம் இன்று கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் ஓடுகிறது. அது கடைசி வேலைநாளோடு முடிந்துவிடும். மூவருக்கும் தனியாக பாலிசி எடுத்தால் வருடம் 48,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,000. எல்லாம் சேர்த்து 21,000. சம்பளத்தில் பாதி என்று குத்துமதிப்பாகச் சொன்னாலும் இதே எண்தான் வந்திருக்கும். ஆனால் எந்தச் செலவைக் குறைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது இப்படி எழுதினால்தான் தெரியும்.

அடுத்தது, எத்தனை மாதம். ஆறு மாதம் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாதச் சம்பளக்காரர்கள் வாடிக்கையாளராக இருக்கும் ஊரில் அது சரியாக இருக்கலாம். இங்கே வாடிக்கையாளர் தேயிலை விவசாயி. இந்த மாதம் ஃபேக்டரிக்குப் போட்ட இலைக்கு அடுத்த மாதம்தான் பணம் வரும். ஒரு பிரஷ் கட்டர் கடைக்கு வருகிறது என்று வையுங்கள். ஆயில் கலந்த பெட்ரோலை டாங்கிலேயே விட்டுப் பல வாரம் சும்மா வைத்திருந்ததால் கார்ப்பரேட்டர் டயாஃப்ரம் விறைத்து, ஜெட் அடைத்திருக்கிறது. உங்கள் மகன் முக்கால் மணி நேரத்தில் சரிசெய்துவிடுவான். ஸ்பேர் 250, கூலி 350 என்று பில் போடுவான். "இலைப் பணம் வந்ததும் தரேன் தம்பி" என்று மெஷினை எடுத்துப் போவார்கள். ஏமாற்று எண்ணம் எதுவும் கிடையாது, ஊர் வழக்கமே அதுதான். ஆனால் ஸ்பேருக்கான 250-ஐ அவன் ஏற்கெனவே கோவையில் ரொக்கமாகக் கொடுத்திருப்பான்.

இலைக்கும் காலம் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பனி கருக்கிவிடும், இலை குறைவு. கோடை மழை விழுந்ததும் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நல்ல வரத்து. பிறகு குறைந்து, செப்டம்பர் முதல் நவம்பர் வரை மறுபடி ஏறும். அதே நேரத்தில் வடகிழக்கு மழை கோத்தகிரிப் பக்கம்தான் அதிகம் அடிக்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் ஸ்பேர் பார்சல் கீழேயே நிற்கும். பிப்ரவரியில் கடை திறந்தவன் ஆறு மாதக் கையிருப்போடு வந்தால் ஜூலையில் பணம் தீரும். அதுவரை அவன் பார்த்தது ஒரே ஒரு சீசன், அதிலும் பாதி கடனில் நிற்கும். நன்றாகப் போகிற கடையைக்கூட அந்த நேரத்தில் தோற்றது என்று மூடிவிட வாய்ப்பு இருக்கிறது. இரண்டு சீசனும் முடிந்து வசூலும் வந்துசேர ஒரு முழு வருடம் வேண்டும்.

பன்னிரண்டு மாதத்தோடு இன்னொரு மூன்று மாதம் சேர்க்க வேண்டும். கடை சரிவரவில்லை என்றால் மறுபடி வேலை தேடி, இன்டர்வியூ போய், முதல் சம்பளம் கைக்கு வர அவ்வளவு ஆகும். அந்த மூன்று மாதப் பணத்தைக் கடையைக் காப்பாற்றுவதற்காகத் தொடவே கூடாது. ஆக 15 மாதம், மாதம் 21,000, மொத்தம் 3,15,000. எம்.பி.ஏ. கட்டணத்தில் கால் பங்கு கூட இல்லை.

இதை எப்போது சேர்த்து முடிக்கலாம்? இன்றைய சம்பளத்தில் அறை, மெஸ், வீடு, கைச்செலவு, தவணை, வருடச் செலவு எல்லாம் போக 9,400 நிற்கிறது. ஆறு மாதத்தில் 56,400. தவணை முடிந்ததும் மிச்சம் 13,500 ஆகும்; அடுத்த பதினோரு மாதத்தில் 1,48,500. கையிலுள்ள 1,10,000-ஐச் சேர்த்தால் 3,14,900. வரும் செப்டம்பரில் தொடங்கினால் பதினேழாவது மாதம் ஜனவரியில் விழுகிறது. பிப்ரவரியில் கடையை ஒழுங்குசெய்து, மார்ச்சில் சீசனுக்கு முந்தைய சர்வீஸுக்கு மெஷின்கள் வந்து, ஏப்ரலில் இலை தொடங்கும்போது அவன் தயாராக இருப்பான். ஜூனில் வேலையை விட்டால் வரத்து குறையும் மாதங்களில்தான் கடை திறப்பான்.

ஜனவரி என்று சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. அவனுக்கு இப்போது சர்வீஸ் மூன்று வருடம் எட்டு மாதம். ஐந்து வருடம் முடியாமல் விலகினால் பொதுவாகக் கிராஜுவிட்டி கிடையாது. அடுத்த வருடம் டிசம்பரில் ஐந்து நிறைகிறது. அடிப்படைச் சம்பளம் 20,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து ஐந்து வருடத்துக்குப் போட்டால் 57,692 ரூபாய் வரும். இந்தத் தொகை கடைக்கு. வீட்டுப் பணக் கணக்கில் இதைச் சேர்க்கக் கூடாது. செட்டில்மென்ட் பணம் கடைசி நாளன்றே கைக்கு வந்துவிடும் என்று நம்பவும் கூடாது. பி.எஃப். பணத்தையும் உங்கள் நகையையும் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். ஏலச்சீட்டும் இதற்கு ஆகாது, வேண்டிய மாதத்தில் அது கையில் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே அக்கவுண்டில் இருந்தால் இந்தத் திட்டம் முழுவதும் வீண். பெரும்பாலும் இப்படித்தான் கெடும்: கோவையில் ஸ்பேர் கடையில் நிற்கும்போது போனில் இருக்கும் அக்கவுண்டிலிருந்து 18,000 போய்விடும், அடுத்த வாரம் திருப்பிப் போட்டுவிடலாம் என்ற நினைப்பில். அதனால் வீட்டுப் பணத்தை மாதத்துக்கு ஒன்று முதிர்வது போலச் சிறு சிறு ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம் முதலிலேயே கட்டியாகிவிடும் என்பதால் ஒவ்வொன்றும் 17,000 போதும். ஒன்றாம் தேதி முதிர்ந்து வருவதுதான் அந்த மாதச் சம்பளம். கடைசி மூன்று மாதப் பணம் வேறொரு வங்கியில், யு.பி.ஐ. இணைக்காத அக்கவுண்டில் இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸை வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டும். குரூப் பாலிசியிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று விலகுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே எச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். மாற முடிந்தால், பழைய நோய்களுக்கான காத்திருப்பில் இதுவரை கழிந்த காலத்தைக் கணக்கில் எடுப்பார்கள். புதிதாக எடுத்தால் அது மூன்று வருடம் வரை போகலாம். விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் பொதுவாக எதுவும் கிடைக்காது. அப்பாவின் பிரஷரை மறைத்து விண்ணப்பிக்காதீர்கள், க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

இந்தப் பதினேழு மாதமும் சும்மா காத்திருப்பது அல்ல. வெளிவேலைக்குத் தடை உண்டா என்று வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, தடை இல்லையென்றால் சனி ஞாயிறில் வீட்டுக் கொட்டகையில் மெஷின் பார்க்கட்டும். ஒரு நோட்டில் வந்த தேதி, கோளாறு, ஸ்பேர் விலை, கூலி, பணம் வந்த தேதி எழுதட்டும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஒரு சீசன் முடிந்ததும் பணம் சராசரியாக எத்தனை நாளில் வருகிறது என்று தெரிந்துவிடும். அறுபது நாளுக்கு மேல் போனால் ஸ்பேர் விலையையாவது மெஷினைக் கொடுக்கும்போதே வாங்கும் வழக்கத்தை இப்போதே தொடங்க வேண்டும். கடை திறந்த பிறகு தொடங்கினால் ஊர் முகம் சுளிக்கும்.

நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால் கடிதம் கொடுக்க வேண்டியது அடுத்த வருடம் அக்டோபர் கடைசியில். அன்று, கட்டியிருந்தால் பிரீமியத்தையும் சேர்த்து, 2,74,000 இருக்க வேண்டும். பத்துப் பதினைந்தாயிரம் குறைந்தால் ஒரு மாதம் தள்ளலாம், அப்போதும் ஏப்ரலுக்கு முன் வந்துவிடுவான். கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்து தொண்ணூறாயிரம் வரை குறைந்திருந்தால் அந்த ஏப்ரலை மறந்துவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் விலகி செப்டம்பர் வரத்துக்குக் கடை திறக்கச் சொல்லுங்கள். அதற்கான கடிதம் ஜூன் முதல் வாரத்தில் போக வேண்டும்.