ஆள் கிடைக்காவிட்டால் வட்டி ஏறுமா?

கேள்வி: கோண்டாவிலில் தளபாடப் பட்டறை வைத்திருக்கிறேன். வங்கியில் 30 இலட்சம் கடன் மிச்சம் இருக்கிறது, கட்டி முடிக்க ஐந்து வருடம். இப்போது மாறும் வட்டி 11 சதவீதம். நிலையான வட்டிக்கு மாறினால் 13 என்கிறார்கள். பொருளியல் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், “வேலையின்மை 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இது இயற்கை வீதத்துக்குக் கீழே, மத்திய வங்கி கட்டாயம் வட்டியைக் கூட்டும்” என்கிறார். எனக்கும் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. மாறிவிடவா?

பதில்: நண்பர் சொல்வது பாடப்புத்தகப்படி சரி. விலைவாசி வேகமெடுக்காமல் ஒரு நாடு தாங்கக்கூடிய வேலையின்மைக்கு ஒரு கீழ் எல்லை உண்டு; அதைத்தான் அவர் இயற்கை வீதம் என்கிறார். அதற்கும் கீழே போனால் முதலாளிமார் ஆட்களுக்குப் போட்டி போடுவார்கள், கூலி ஏறும், பின்னால் விலை ஏறும். இதே கதையை உற்பத்தி பக்கத்திலிருந்து சொன்னால் அது உற்பத்தி இடைவெளி: நாடு உண்மையில் உற்பத்தி செய்வதற்கும், இருக்கும் ஆட்களையும் இயந்திரங்களையும் திணறாமல் பயன்படுத்தி உற்பத்தி செய்யக்கூடியதற்கும் உள்ள வித்தியாசம். உண்மை உற்பத்தி மேலே நின்றால் வட்டியைக் கூட்டு, கீழே நின்றால் குறை.

சிக்கல் என்னவென்றால், அந்த எல்லையை யாரும் நேரே அளக்க முடியாது. கடந்த கால எண்களை வைத்துக் கணிக்கிறார்கள். கணிப்பு அதிகம் தடுமாறுவது கடைசிக் காலாண்டில்தான். முடிவெடுக்கத் தேவைப்படுவதும் அதே காலாண்டுதான். 1970களில் அமெரிக்க மத்திய வங்கிக்கு நடந்தது இது. இயற்கை வேலையின்மை வீதம் ஏறியிருந்ததை அன்று உணரவில்லை. பொருளாதாரம் தன் உற்பத்தி எல்லைக்கு வெகு கீழே கிடக்கிறது என்று நம்பி வட்டியைத் தாழ்வாக வைத்தார்கள். அன்றைக்கு அதிகாரிகளின் மேசையில் இருந்த எண்களையும் பிற்பாடு திருத்தப்பட்ட எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அதனாசியோஸ் ஓர்ஃபனிடிஸ் என்ற பொருளியலாளர் (பின்னாளில் சைப்பிரஸ் மத்திய வங்கி ஆளுநர்). அவர்கள் நினைத்த அளவுக்குப் பள்ளம் அங்கே இருக்கவில்லை என்று அவர் காட்டினார். 1990களில் இதற்கு நேர் எதிர். வேலையின்மை எல்லையைத் தாண்டிக் கீழே போகிறது என்று பலர் எச்சரித்தார்கள். அது 4 சதவீதம் வரை இறங்கியும் பணவீக்கம் பெரிதாக எழவில்லை.

இந்தப் பிழை உங்கள் வட்டியில் எவ்வளவு என்று பார்ப்போம். மத்திய வங்கி வட்டியை எப்படி வைக்கலாம் என்று பொருளியலாளர் ஜோன் டெய்லர் 1993இல் கொடுத்த பிரபலமான விதியில், உற்பத்தி இடைவெளி ஒரு சதவீதம் மாறினால் வட்டி அரைச் சதவீதம் மாறவேண்டும். இன்று இடைவெளி கழித்தல் 2 என்று கணித்து, அடுத்த வருடம் “இல்லை, பூச்சியம்தான்” என்று திருத்தினால் வட்டியில் முழுதாக 1 சதவீதம் வித்தியாசம் வருகிறது. மத்திய வங்கிகள் வழக்கமாக வட்டியை மாற்றுவது கால் சதவீதப் படிகளில். அதாவது ஒரு சாதாரணத் திருத்தமே நாலு படியைத் தின்றுவிடும்.

சரி, இது வெளிநாட்டுக் கதை. இலங்கையில் வேலையின்மை வீதம் இன்னும் மோசமான வழிகாட்டி. 2022இல் நாட்டின் உற்பத்தி 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. வேலையின்மையோ 2021இல் 5.1 ஆக இருந்தது, 2022இல் 4.7 ஆகக் குறைந்தது! பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வருடத்தில் வேலைச்சந்தை நல்லாக இருந்தது என்று யாராவது சொல்வார்களா? காரணம் எண்ணும் முறையில் இருக்கிறது. அந்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்தாலும், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுத்தாலும் தொழிற்படை அளவீட்டில் அவர் வேலை உள்ளவர்தான். வேலை தேடுவதை விட்டவர் கணக்கிலேயே இல்லை. வெளிநாடு போனவரும் இல்லை; 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென்று பதிந்து போனார்கள். எங்கள் நாட்டில் நெருக்கடி வந்தால் மக்கள் வேலையற்றோர் பட்டியலுக்குள் போவது குறைவு. வேலை நேரம் குறைகிறது, கூலி குறைகிறது, கடவுச்சீட்டு எடுக்கிறார்கள்.

உங்கள் பட்டறைக்கு ஆள் கிடைக்காததையும் இப்படித்தான் வாசிக்கவேண்டும், ஆனால் இதில் நண்பருக்குப் பாதி நியாயம் உண்டு. கனடாவுக்கோ கட்டாருக்கோ போன தச்சர் திரும்பாவிட்டால் நாட்டின் உற்பத்தி எல்லையே கீழே இறங்கிவிடுகிறது. அப்போது உற்பத்தி அதிகம் வளராமலே எல்லையைத் தொடும். அது நடக்கிறதா என்பதை வேலையின்மை எண் சொல்லாது. கூலி சொல்லும். நீங்கள் நாட்கூலியைக் கூட்டியபின் கதிரை, அலுமாரி விலையையும் கூட்டி, அந்த விலைக்கும் விற்கமுடிகிறதா? வடக்கில் மட்டுமல்லாமல் நாடெங்கும் அப்படி நடந்தால், உணவு, எரிபொருள் போன்றவற்றை நீக்கிக் கணக்கிடும் அடிப்படைப் பணவீக்கத்தில் அது தெரியும். மாதாமாதம் நீங்கள் பார்க்கவேண்டிய எண் அதுதான்.

அண்மைய அனுபவத்தையும் பாருங்கள். 2024இல் பொருளாதாரம் ஏறக்குறைய 5 சதவீதம் வளர்ந்தது, வேலையின்மையும் தாழ்வாகத்தான் இருந்தது. நண்பரின் கணக்கில் வட்டி ஏறியிருக்கவேண்டும். நடந்தது வேறு. அந்த செப்டெம்பரிலிருந்து 2025 நடுப்பகுதி வரை கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய வருடத்தைவிடக் கீழே நின்றது. மின்கட்டணக் குறைப்பு அதில் பெரிய பங்கு என்பது உண்மைதான். ஆனால் அடிப்படைப் பணவீக்கமும் மிகத் தாழ்வாகவே இருந்தது. மத்திய வங்கியின் இலக்கு 5 சதவீதம். 2025 மே மாதத்தில் அந்த வங்கி தன் அடிப்படை வட்டியான ஓரிரவுக் கொள்கை வீதத்தை 8.00இலிருந்து 7.75க்கு இறக்கியது.

மறுபக்கமும் உண்டு. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. அது எல்லைக்கு மேலே கொதித்துக்கொண்டிருந்த பொருளாதாரமல்ல, சரிந்துகொண்டிருந்தது. ரூபா விழுந்தது, டொலர் கையிருப்பு தீர்ந்தது, பணவீக்கம் செப்டெம்பரில் 69.8க்குப் போனது. அதனால் உங்களைப் போன்ற கடனாளி பயப்படவேண்டியது வேலையின்மை எண்ணுக்கல்ல. ரூபா தொடர்ந்து சறுக்குவதும், கையிருப்பு மாதக்கணக்கில் கரைவதும்தான் இங்கே பெரிய வட்டி உயர்வுக்கு முன்னால் வந்த அறிகுறி.

இனிக் கடனுக்கு வருவோம். கடனின் முதல் தொகையை வருடத்துக்கு 6 இலட்சம் வீதம் சமமாகக் கட்டுகிறீர்கள் என்று வைத்தால், சராசரி நிலுவை முதல் வருடம் 27 இலட்சம், பிறகு 21, 15, 9, 3. நிலையான வட்டிக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் 2 சதவீதம் ஐந்து வருடத்தில் மொத்தம் ஒன்றரை இலட்சம். இப்போது மாறும் வட்டி ஒரு வருடம் கழித்து 4 சதவீதம் ஏறி அப்படியே நின்றால், நிலையான வட்டி உங்களுக்கு 1,92,000 ரூபாவை மிச்சப்படுத்தும், மாறியது இலாபம். அதே 4 சதவீதம் இரண்டு வருடம் கழித்து ஏறினால் மிச்சம் 1,08,000 மட்டுமே, மாறியது நட்டம். நிலுவை முன்பக்கம்தான் பெரிது, எனவே எப்போது ஏறும் என்பதுதான் உங்கள் கேள்வி. அதை இடைவெளிக் கணிப்பு சொல்லவே சொல்லாது.

நானாக இருந்தால் இன்றைக்கு 2 சதவீதம் கூடக் கொடுத்து மாறமாட்டேன். வித்தியாசம் 1 சதவீதம் என்றால் யோசிப்பேன். அப்புறம், 4 சதவீதம் ஏறினால் முதல் வருட நிலுவையில் மாதம் 9,000 ரூபா கூடும். அதைப் பட்டறை தாங்காது என்றால் என் பேச்சைக் கேட்காமல் மாறிவிடுங்கள், அந்த ஒன்றரை இலட்சத்தைக் காப்புறுதிக் கட்டணமாக எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு முன் வங்கியிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: மாறும் வட்டியை மாதமா, மூன்று மாதமா, ஆறு மாதமா ஒருமுறை திருத்துகிறார்கள், நிலையான வட்டிக்குப் போனபின் முன்கூட்டியே கட்டி முடித்தால் தண்டக் கட்டணம் எவ்வளவு. கட்டணம் இல்லையென்றால், வட்டி இறங்கினால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றும் வழி திறந்திருக்கும். அப்போது மேலே சொன்ன கணக்கு நிலையான வட்டிப் பக்கம் கொஞ்சம் சாயும்.