அங்கிள் கறுப்பு என்றால் ஒரு சுழற்சியா, இரண்டா?

கேள்வி: ரெட்-பிளாக் மரத்தில் 10, 20, 15 என்று வரிசையாகச் சேர்க்கிறேன். அங்கிள் கறுப்பு என்பதால் தாத்தா நோடைச் சுழற்றி நிறம் மாற்றினேன். ஆனாலும் இரண்டு சிவப்பு அடுத்தடுத்து வருகிறது. எங்கே தவறு?

பதில்: சுழற்றுவதற்கு முன்னால், புது நோடு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று பார்க்கத் தவறியிருக்கிறீர்கள்.

உங்கள் மரத்தில் 10 வேர், அது கறுப்பு. அதன் வலது பிள்ளை 20 சிவப்பு. 15 சிவப்பாக வந்து 20-இன் இடது பிள்ளையாக உட்காருகிறது. 10-க்கு இடது பிள்ளை இல்லாததால் அங்கிள் NIL, அதாவது கறுப்பு. புதிதாகச் சேர்த்தவுடன் அங்கிள் கறுப்பாக இருந்தால், அது எப்போதும் NIL-தான். நிஜமான கறுப்பு நோடு அங்கே இருந்தால், அந்தப் பக்கம் கறுப்பு எண்ணிக்கை முன்பே கூடியிருக்கும். நிறம் மாற்றிக்கொண்டே மேலே ஏறும்போதுதான் நிஜமான கறுப்பு அங்கிளைச் சந்திப்பீர்கள்.

சரி, நீங்கள் செய்தபடி 10-ஐ உடனே இடப்பக்கம் சுழற்றினால் 20 மேலே போகும், 10 அதன் இடது பிள்ளையாகும். 20-இன் இடப்பக்கம் இருந்த 15 இப்போது 10-இன் வலது பிள்ளையாகிவிடும். 20 கறுப்பு, 10 சிவப்பு என்று மாற்றினால் 10-உம் 15-உம் சேர்ந்தே சிவப்பு. சிக்கல் தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

தாத்தா, அப்பா, பிள்ளை மூன்றும் ஒரே திசையில் நேர்க்கோடாக இருந்தால்தான் ஒரு சுழற்சி போதும். இங்கே 10-லிருந்து வலம், அப்புறம் இடம் என்று வளைகிறது. அதனால் முதலில் அப்பாவை, அதாவது 20-ஐ, வலப்பக்கம் சுழற்றுங்கள். 10, 15, 20 என்று வலப்பக்கமாக ஒரே கோடு கிடைக்கும். அதற்குப் பிறகு 15-ஐக் கறுப்பாக்கி, 10-ஐச் சிவப்பாக்கி, 10-ஐ இடப்பக்கம் சுழற்றினால் 15 கறுப்பாக மேலே, 10-உம் 20-உம் சிவப்பாகக் கீழே.

அப்பா வலது பிள்ளையாக இருக்கும் பக்கத்துக்கான குறிமுறை இது; இதில் z புது நோடு, p அப்பா, g தாத்தா. மறுபக்கத்துக்கு இடம், வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

```
if z == p.left:
    rotate_right(p)
    z, p = p, z
p.color = BLACK
g.color = RED
rotate_left(g)
```

பலர் விட்டுவிடுவது மூன்றாவது வரி. முதல் சுழற்சிக்குப் பிறகு அப்பா இடத்தில் இருப்பது 15. பெயரை மாற்றாவிட்டால் 20 கறுப்பாகும், 15 சிவப்பாகவே மேலே போய் 10-உடன் மோதும்.

இன்னொன்று, சுழற்சியில் வேர் மாறுகிறது. `root` இன்னும் 10-ஐயே காட்டினால், மரத்தை அச்சிடும்போது 10 மட்டும் வரும், மற்ற இரண்டும் காணாமல் போகும்.

இந்த வேலை முடிந்ததும் மேலே ஏற வேண்டாம். முன்பு உச்சியில் கறுப்பு 10 இருந்த இடத்தில் இப்போது கறுப்பு 15 இருக்கிறது. மேலிருந்து பார்ப்பவர்களுக்குக் கறுப்பு எண்ணிக்கை மாறவே இல்லை.