பக்திப் பாடல் சேனலுக்கு நிறம், எழுத்துரு, இன்ட்ரோ எப்படி முடிவு செய்வது?

"பினாங்கிலிருந்து முருகன் பாடல் சேனல் நடத்துகிறோம். மூன்று பேர் எடிட் செய்வதால் ஒவ்வொரு காணொளியும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. தைப்பூசத்துக்குள் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவர என்ன செய்யலாம்?"

முதலில் எழுத்துருவைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நிறம் சற்று முன்னே பின்னே இருந்தால் யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். எழுத்து மாறினால் வேறு யாரோ போட்ட காணொளி என்று நினைப்பார்கள். ஒருவர் மேக்கில் InaiMathi வைத்துத் தலைப்பு எழுதுவார். அதே கோப்பை இன்னொருவர் விண்டோஸில் திறந்தால் அந்த எழுத்துரு அங்கே இருக்காது, Nirmala UI வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் கணினியோடு வரும் எழுத்துரு எதுவும் வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பதில் தலைப்புக்கு Anek Tamil தடித்த வடிவம், பாடல் வரிக்கு Noto Sans Tamil என்று இரண்டை எடுத்து, மூன்று கணினியிலும் ஒரே கோப்பிலிருந்து நிறுவுங்கள். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு வேண்டவே வேண்டாம். படத்தில் 'முருகன்' என்று அழகாகத் தெரியும், அதை நகலெடுத்துக் காணொளித் தலைப்பில் ஒட்டினால் `KUfd;` என்று வரும்.

எழுத்துருவை உறுதிசெய்யும் முன் 'ஸ்ரீ', 'க்ஷ', 'ௐ', 'கொண்டை' ஆகிய நான்கையும் அடித்துப் பாருங்கள். ௐ இல்லாத எழுத்துருவில் கட்டம் வரும், அல்லது வேறு எழுத்துருவிலிருந்து ஒட்டவைத்தது போல இருக்கும். ஸ்ரீயை 'ஸ' வைத்தும் அடிக்கலாம், 'ஶ' வைத்தும் அடிக்கலாம். சில எழுத்துருவில் ஒன்றுதான் சேர்ந்து நிற்கும், மற்றது பிரிந்து போகும். 'கொண்டை'யில் கொம்பு இடம் மாறினால் குற்றம் எழுத்துருவில் இருக்காது, மென்பொருளில்தான் இருக்கும். Premiere Pro என்றால் Preferences > Graphics பகுதியில் South Asian and Middle Eastern என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் ஆசையையும் விடுங்கள். ஆங்கிலத்தில் அது எடுப்பாக இருக்கும், தமிழில் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும்.

நிறத்துக்கு மூன்று போதும்: குங்குமத்தின் அடர்சிவப்பு `#5B0F1A`, திருநீற்று வெள்ளை `#F5EFE0`, மஞ்சள் `#E8A317`. அடர்சிவப்பின்மேல் வெள்ளை எழுதினால் மாறுபாடு 12:1 அளவில் இருக்கும், மஞ்சள் எழுதினால் 6:1. வெள்ளையின்மேல் மஞ்சள் 2:1-ஐக்கூடத் தொடாது, கைப்பேசியில் வாசிக்க முடியாது. தைப்பூசக் காட்சிகளில் தொல்லை வேறு மாதிரி. மஞ்சள் உடை, பால்குடம், தங்க ரதம், பத்துமலைக்குப் போனால் பொன்வண்ண முருகன் சிலை, 2018இல் வண்ணம் அடித்த 272 படிகள். இவற்றின்மேல் நேரடியாக எந்த நிறத்தில் எழுதினாலும் மறைந்துவிடும். எனவே எழுத்து எப்போதும் அடர்சிவப்புப் பட்டையின்மேல்தான். பளிச்சென்ற `#FF0000` சிவப்பில் எழுத்து வேண்டாம்: யூடியூப் காணொளியில் நிறத்தின் நுணுக்கம் ஒளியின் நுணுக்கத்தில் கால் பங்குதான் சேமிக்கப்படுகிறது, சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து தெரியும்.

பட்டையை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். கீழே வைத்தால் பல படங்களில் சுவாமியின் பாதத்தை மூடும். பெரியவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். இடப்பக்கம் செங்குத்தாக, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டால் இந்தச் சிக்கல் வராது. தம்ப்நெயிலுக்கும் அதே இடம் வசதி, ஏனென்றால் அங்கே வலது கீழ் மூலையை நேரக் கணக்கு மறைத்துவிடும்.

இன்ட்ரோ 80 பிரேம், அதாவது 25 பிரேம் வேகத்தில் 3.2 வினாடி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கோவில் விளக்கொளியில் 30 பிரேமில் எடுத்தால் கோடு ஓட வாய்ப்பு அதிகம். 25 பிரேம், ஷட்டர் 1/50 வைத்து எடுப்பதுதான் பாதுகாப்பு. அந்தக் காட்சியோடு 30 பிரேம் டெம்ப்ளேட் இன்ட்ரோவைச் சேர்த்தால் ஆறில் ஒரு பிரேம் விழுந்து, மெல்ல எழ வேண்டிய வேல் தத்தித் தத்தி எழும். முதல் 10 பிரேம் வெறும் அடர்சிவப்பு, 45 வரை வேல் எழட்டும், 60க்குள் பெயர் வரட்டும், மீதி அசையாமல் நிற்கட்டும். பெயரை எழுத்து எழுத்தாக வரவிடாதீர்கள், கொம்பு தனியாகப் பறந்துவரும். சொல் சொல்லாக வரட்டும். இருண்ட பின்னணியில் ஒளிவட்டம் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும், மேலே ஒரு சதவீதம் நாய்ஸ் தூவினால் அடங்கும்.

இன்ட்ரோவில் மணியோசை வைத்தால் அதைப் பாடலின் அளவுக்கே இறக்குங்கள். யூடியூப் காணொளி முழுவதற்கும் சேர்த்துத்தான் ஒலியைக் குறைக்கும், மணிக்கும் பாடலுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும். விடியற்காலையில் காதில் இயர்போனோடு கேட்பவர் திடுக்கிட்டுப் போவார். தொகுப்பாக எட்டுப் பாடல் போடும்போது முழு இன்ட்ரோ முதல் பாடலுக்கு மட்டும். மற்ற ஏழுக்கும் 40ஆம் பிரேமிலிருந்து வெட்டிய பாதி போதும்.